பத்திரத்தின் பின்பக்கம்

மும்பையில் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்கப் போகிறவர், விலை பேசும் முன் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டிய காகிதம் ஒன்று உண்டு. கெட்டித் தாளில், ஓரத்தில் பூவேலைப்பாட்டுடன், நடுவில் சொசைட்டியின் பெயரும் பதிவு எண்ணும் அச்சிட்டு, கீழே வட்ட முத்திரையும் மூன்று கையெழுத்துகளுமாக இருக்கும். ‘ஷேர் சர்டிஃபிகேட்’, அதாவது பங்குச் சான்றிதழ். தலா 50 ரூபாய் மதிப்புள்ள ஐந்து பங்குகள், ஆக 250 ரூபாய் என்று அதில் எழுதியிருக்கும். இரண்டு கோடி ரூபாய் வீட்டுக்கு 250 ரூபாய்ச் சான்றிதழா என்று முதல்முறை பார்ப்பவர்கள் சிரிப்பதுண்டு.

எல்லோரும் அதன் முன்பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். கதை இருப்பதோ பின்பக்கத்தில். அங்கே கட்டம் போட்ட அட்டவணை ஒன்று உண்டு: மாற்றிய தேதி, மாற்ற எண், யாரிடமிருந்து யாருக்கு, உறுப்பினர் பதிவேட்டில் எந்தப் பக்கம், கடைசியில் தலைவர், செக்ரட்டரி, கமிட்டி உறுப்பினர் கையெழுத்துகள். வீடு கைமாறிய ஒவ்வொரு முறையும் அதில் ஒரு வரி ஏறியிருக்க வேண்டும். வாங்கியவரின் பெயர் அந்த அட்டவணையில் ஏறும்வரை, சார்பதிவாளர் அலுவலகத்தில் எத்தனை பக்கம் கையெழுத்துப் போட்டிருந்தாலும், சொசைட்டியின் புத்தகத்தில் அவர் வெளியாள்தான்.

இது ஏன் இப்படி என்று தமிழ்நாட்டு வாசகருக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். சென்னையில் ஃபிளாட் வாங்கும்போது பிரிக்கப்படாத மனைப்பங்கு, பேச்சு வழக்கில் யூ.டி.எஸ்., வாங்குபவர் பெயருக்கே கிரயமாகிறது. நிலத்தில் இத்தனை சதுர அடி என்று கையில் பத்திரம் இருக்கும். குடியிருப்போர் சங்கம் என்பது பராமரிப்புக்காக அமைந்த ஏற்பாடு. மகாராஷ்டிரத்தின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் வேறு வகை. அங்கே நிலமும் கட்டடமும் சங்கத்தின் பெயரில் இருக்கும், அல்லது இருக்க வேண்டும். ஒவ்வொரு குடும்பமும் அந்தச் சங்கத்தில் பங்குதாரர். பங்கும் ஃபிளாட்டும் ஒட்டிப் பிறந்தவை. ஒன்றை விட்டு ஒன்று போகாது. 1960-ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம்தான் இதற்கு அடிப்படை. 2019-இல் அந்தச் சட்டத்தில் வீட்டுவசதிச் சங்கங்களுக்கென்றே தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது.

ஆகவே வாங்குபவருக்கு இரண்டு வேலை. ஒன்று, முத்திரைத் தீர்வை கட்டி விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது. இது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான காரியம். இரண்டாவது, சங்கத்திடம் போய் ‘இனி இந்தப் பங்கு என்னுடையது, என்னை உறுப்பினராகச் சேருங்கள்’ என்று கேட்பது. முதல் வேலையைப் பெரும்பாலும் தரகரும் வக்கீலும் கைபிடித்து நடத்திவைத்துவிடுவார்கள். இரண்டாவதற்கு வரும்போது தரகர் கமிஷன் வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

விட்டுவிட்டால் என்ன குடி முழுகிவிடும்? வீட்டில் வசிக்கலாம், பராமரிப்புக் கட்டணம் கட்டலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் பொதுக்குழுவில் ஓட்டு கிடையாது. பில் இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே வரும். நாளைக்கே கட்டடத்தை இடித்துக் கட்டுவது என்று முடிவானால், பில்டர் ஒப்பந்தம் போடுவது சங்கத்தோடும் அதன் உறுப்பினர்களோடும். புது ஃபிளாட், இடைக்கால வாடகை, கைக்கு வரும் தொகை எல்லாமே உறுப்பினர் பட்டியலைப் பார்த்துத்தான் பேசப்படும். மும்பையில் முப்பது, நாற்பது வருடக் கட்டடங்களில் வீடு வாங்குகிறவர்களில் பலர் இந்த மறுகட்டுமானத்தை மனதில் வைத்துத்தான் வாங்குகிறார்கள். அதற்கு அஸ்திவாரமான காகிதத்தை மட்டும் அலமாரியில் தூங்கவிடுகிறார்கள்.

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். தமிழர்கள் நிறைந்த செம்பூரில், எண்பதுகளில் கட்டிய 28 வீட்டுக் கட்டடத்தில், மூன்றாம் மாடி ஃபிளாட் ஒன்றைக் கணவனும் மனைவியும் சேர்ந்து, வங்கிக் கடனில் வாங்குகிறார்கள். சான்றிதழ் எண் 13. பங்கு எண்கள் 61 முதல் 65 வரை. இந்த எண்களையே ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஐந்து பங்கு என்றால் முதல் பன்னிரண்டு பேருக்கு அறுபது போக, பதின்மூன்றாம் ஆளுக்கு 61-இல்தான் தொடங்க வேண்டும். கணக்கு இடறினால், நடுவில் யாருக்கோ பங்கு கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள், அல்லது நகல் சான்றிதழ் எழுதியபோது தவறு நடந்திருக்கிறது. எப்படியானாலும் செக்ரட்டரியிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது.

பின்பக்கத்தைத் திருப்புகிறார்கள். இரண்டு வரிகள் இருக்கின்றன. முதல் உரிமையாளரிடமிருந்து இரண்டாமவருக்கு, அவரிடமிருந்து மூன்றாமவருக்கு. ஆனால் விற்க வந்திருப்பவர் அந்த மூன்றாமவர் இல்லை, அவருடைய மகன். அப்பா காலமாகி ஆறு வருடமாகிறது. சான்றிதழில் இன்னும் அப்பா பெயர்தான். “நான்தான் சார் நாமினி, ஒரு பிரச்சினையும் இல்லை” என்கிறார் மகன்.

பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. நாமினி என்றால் உரிமையாளர் என்று நாட்டில் பாதிப்பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். உறுப்பினர் இறந்தபின் சங்கம் யாரோடு பேசுவது என்பதற்கான பெயர்தான் நாமினி. 2019 திருத்தத்துக்குப் பின் இது இன்னும் துலக்கமாகிவிட்டது: நாமினி, சட்டப்படியான வாரிசுகளின் பெயர் ஏறும்வரை, ‘தற்காலிக உறுப்பினர்’ மட்டுமே. உயில், வாரிசுரிமைச் சான்று, வாரிசுச் சான்றிதழ், குடும்ப ஏற்பாட்டு ஆவணம் என்று இவற்றில் ஒன்றைக் காட்டித்தான் பங்கு நிரந்தரமாக மாறும். அந்த மகனுக்கு ஒரு அக்கா இருந்து, அவர் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்காமல் இருந்தால், வீட்டில் அவருக்கும் பங்கு உண்டு. மகன் மட்டும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்குப் போனால், கமிட்டி மறுப்பதற்கு நியாயமான காரணமே இருக்கிறது.

நம் தம்பதி கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, ‘முதலில் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், அந்த வரி பின்பக்கத்தில் ஏறிய பிறகு பேசுவோம்’ என்று சொல்லிவிட்டார்கள். அக்காவின் விடுதலைப் பத்திரம் பதிவாகி, மூன்றாவது வரி ஏற நான்கு மாதம் பிடித்தது. அந்த நான்கு மாதத்தை விற்பனைக்கு முன் செலவழிப்பதுதான் புத்திசாலித்தனம். பின்னால் என்றால் அது நான்கு மாதத்தோடு நிற்காது.

சான்றிதழே கண்ணில் படாமல் போவதும் உண்டு. விற்பவர் வீட்டுக்கடன் வாங்கியிருந்தால் மூலச் சான்றிதழ் அவருடைய வங்கியின் பெட்டகத்தில் இருக்கும். கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-இல் உத்தரவிட்டிருக்கிறது. ‘தொலைந்துவிட்டது’ என்று சொன்னால் நகல் சான்றிதழ் வாங்கலாம். அதற்குக் காவல் நிலையத்தில் புகார், பத்திரிகை விளம்பரம், ஈட்டுறுதிப் பத்திரம் என்று ஒரு சுற்று இருக்கிறது. அதைச் சுற்ற வேண்டியவர் விற்பவர். விலையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு வாங்குபவரின் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அந்தப் பேரத்துக்கு இணங்காமல் இருப்பது நல்லது, ஏனென்றால் தொலைந்ததாகச் சொல்லப்படும் சான்றிதழ் எங்காவது அடமானத்தில் இருக்கலாம்.

சங்கங்களுக்கு அரசு ஒரு மாதிரித் துணைவிதி வகுத்திருக்கிறது. மும்பைச் சொசைட்டிகளில் பெரும்பாலானவை அதைத்தான் சிறுசிறு மாற்றங்களோடு ஏற்றிருக்கின்றன. அதன்படி, பங்கை மாற்றப்போவதாக விற்பவர் 15 நாள் முன்கூட்டியே சங்கத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கூடவே வாங்குபவரின் சம்மதக் கடிதம். படிவங்கள் துணைவிதிப் புத்தகத்தின் பின்னிணைப்பிலேயே இருக்கின்றன.

இந்த இடத்தில்தான் ‘என்.ஓ.சி.’ என்ற சொல் வந்து நிற்கும். சொசைட்டியின் தடையில்லாச் சான்று இல்லாமல் விற்க முடியாது என்று செக்ரட்டரிகள் சொல்வதுண்டு. மாதிரித் துணைவிதியோ, பங்கை மாற்ற என்.ஓ.சி. தேவையில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. வேண்டும் என்று கேட்டால் கமிட்டி ஒரு மாதத்துக்குள் பரிசீலிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நடைமுறையில் கடன் கொடுக்கும் வங்கி அதைக் கேட்கும். வங்கி கேட்பதால் வாங்குபவர் கேட்பார். வாங்குபவர் கேட்பதால் செக்ரட்டரிக்கு அது ஒரு பிடி. சட்டம் தராத அதிகாரத்தை வங்கியின் விண்ணப்பப் படிவம் தந்துவிடுகிறது! விதிவிலக்கும் உண்டு. சில சொசைட்டிகள் நிற்பது மாவட்ட ஆட்சியர் கொடுத்த அரசு நிலத்திலோ, மாடா, சிட்கோ போன்ற அமைப்புகளின் குத்தகை நிலத்திலோ. அங்கே நிலம் கொடுத்தவரின் அனுமதியும் தனிக் கட்டணமும் உண்டு. நவி மும்பையில் வீடு வாங்கும் பலருக்கு இது தெரிந்த சங்கதி.

ஒப்பந்தம் ஜூன் 10-ஆம் தேதி பதிவாகிறது. இப்போது சொசைட்டிக்குக் கொடுக்க வேண்டிய கோப்பு. விற்பவர் கையெழுத்திட்ட பங்கு மாற்ற விண்ணப்பம், வாங்குபவரின் உறுப்பினர் விண்ணப்பம், பதிவான ஒப்பந்தத்தின் நகல், சார்பதிவாளர் தரும் ‘இண்டெக்ஸ் 2’ என்ற சுருக்கப் பதிவு, மூலப் பங்குச் சான்றிதழ், வீட்டைக் குடியிருப்புக்கே பயன்படுத்துவோம் என்ற உறுதிமொழி, நிலுவை ஏதுமில்லை என்பதற்குக் கடைசி பில்லின் ரசீது, நாமினி படிவம். கட்டணமாக 500 ரூபாய் மாற்றக் கட்டணம், 100 ரூபாய் நுழைவுக் கட்டணம். இவை தவிர ‘பிரீமியம்’ ஒன்று உண்டு. அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்.

விற்பவரின் கையெழுத்துகளை எல்லாம் பதிவு நாளன்றே, கடைசிக் காசோலையைக் கொடுக்கும் முன்பே, வாங்கிவிட வேண்டும். பணம் கைக்குப் போனபின் அவர் மகளுடைய ஊருக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுவார். ‘அந்தப் படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு’ என்று போனில் கெஞ்சிக்கொண்டிருப்பது எத்தனை வீடுகளில் நடந்த கதை.

இன்னொரு சின்ன விஷயம், பெயர் வரிசை. இருவர் சேர்ந்து வாங்கினால் சான்றிதழில் முதலில் எழுதப்படுபவர்தான் ஓட்டுரிமை உள்ள உறுப்பினர். அடுத்த பெயர் கூட்டு உறுப்பினர். முதலாமவர் வராதபோதுதான் அவர் இடத்தில் ஓட்டுப் போடலாம். நம் தம்பதியில் கூட்டங்களுக்குப் போய்ச் சண்டை போடக்கூடியவர் மனைவிதான். ஆகவே ஒப்பந்தத்திலேயே அவர் பெயரை முதலில் எழுதச் சொல்லியிருந்தார்கள். ஒப்பந்தத்தில் ஒரு வரிசை, விண்ணப்பத்தில் வேறு வரிசை என்று கொடுத்தால் கமிட்டிக்குத் திருப்பி அனுப்ப ஒரு சாக்கு கிடைத்துவிடும்.

ஜூன் 16 காலை, சொசைட்டி அலுவலகம். அலுவலகம் என்றால் படிக்கட்டுக்குக் கீழே எட்டுக்கு ஆறில் ஓர் அறை, ஒரு மேசை, ஒரு கோத்ரெஜ் அலமாரி, சுவரில் தண்ணீர் வரும் நேரம் எழுதிய தாள். மேனேஜர் கோப்பை வாங்கிப் புரட்டிவிட்டு மேசை ஓரத்தில் வைக்கிறார். “வெச்சிட்டுப் போங்க, செக்ரட்டரி வந்ததும் காட்டுறேன்.” பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். ஒரு வருடம் கழித்து ‘விண்ணப்பமே வரலையே’ என்ற பதிலைக் கேட்பவர்களும் அவர்கள்தான்.

அந்த அம்மா இரண்டாம் நகலை நீட்டினார். “இதில் சொசைட்டி முத்திரை வைத்து, இன்றைய தேதி போட்டு, கையெழுத்துப் போடுங்கள் பாயி சாப்.” மேனேஜர் கொஞ்சம் முனகினார். முத்திரை விழுந்தது.

அந்த ஊதா மைத் தேதிக்குச் சட்டத்தில் பெரிய மதிப்பு உண்டு. கூட்டுறவுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு சொல்வது இது: விண்ணப்பத்தைச் சங்கம் பெற்ற நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எந்த முடிவையும் தெரிவிக்கவில்லை என்றால், விண்ணப்பதாரர் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டுவிட்டதாகவே கருதப்படுவார். மறுத்தால், காரணத்தோடு எழுத்தில் மறுக்க வேண்டும். அதுவும் முடிவெடுத்த 15 நாளுக்குள், அல்லது அந்த 3 மாதக் கெடுவுக்குள், எது முந்தியோ அதற்குள் கைக்கு வந்துசேர வேண்டும். ஆக, பதில் சொல்லாமல் இழுத்தடிப்பது என்ற ஆயுதத்தைச் சட்டம் ஏற்கெனவே பிடுங்கி வைத்திருக்கிறது. கெடு எந்த நாளில் தொடங்கியது என்று காட்ட முடிந்தால்தான் அது பயன்படும். முத்திரையில்லாத விண்ணப்பத்துக்கு மூன்று மாதமும் இல்லை, மூன்று வருடமும் இல்லை.

வாங்கிக்கொள்ளவே மறுத்தால்? ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதைவிட அழுத்தமான வழி சட்டத்தின் 23-ஆம் பிரிவில் இருக்கிறது. சங்கம் விண்ணப்பத்தையோ பணத்தையோ வாங்க மறுத்தால், அதே விண்ணப்பத்தையும் பணத்தையும் அந்தப் பகுதிக்குரிய கூட்டுறவுப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்கலாம். பதிவாளர் அதை 30 நாளுக்குள் சங்கத்துக்கு அனுப்பிவைப்பார். சங்கத்துக்குக் கிடைத்து 60 நாளுக்குள் பதில் வராவிட்டால், அப்போதும் உறுப்பினராகிவிட்டதாகவே பொருள். மும்பையில் இந்த அலுவலகங்கள் வார்டுவாரியாக, துணைப் பதிவாளர் பொறுப்பில் இருக்கின்றன.

ஜூலை நடுவில் செக்ரட்டரியிடமிருந்து அழைப்பு வருகிறது. பேச்சு இனிமையாகத்தான் தொடங்குகிறது. கட்டடம் பழையது, மொட்டைமாடி ஒழுகுகிறது, லிஃப்ட் மாற்ற வேண்டும், புதிதாக வருபவர்கள் எல்லோரும் ‘பில்டிங் ஃபண்டு’க்கு இரண்டு லட்சம் மனமுவந்து கொடுத்திருக்கிறார்கள், பொதுக்குழுத் தீர்மானமே இருக்கிறது. கொடுத்துவிட்டால் அடுத்த கமிட்டிக் கூட்டத்திலேயே முடித்துவிடலாம்.

பிரீமியம் பற்றித் தனியாகப் பேச வேண்டியது இதற்காகத்தான். வீடு கைமாறும்போது சங்கம் ஒரு தொகை பெறலாம் என்பது உண்மை. அதன் அளவைப் பொதுக்குழு நிர்ணயிக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் அரசு வகுத்த உச்சவரம்புக்கு உள்ளேதான். 2001 ஆகஸ்ட் 9-ஆம் தேதி மகாராஷ்டிர அரசின் கூட்டுறவுத் துறை வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, மாநகராட்சிப் பகுதியில் உச்சவரம்பு 25,000 ரூபாய். நகராட்சிகளில் தரத்துக்கேற்ப இது குறையும், கிராமப் பஞ்சாயத்துப் பகுதியில் 5,000 ரூபாய்தான். வீடு 40 லட்சமானாலும் 4 கோடியானாலும் மும்பையில் இதே 25,000. குடும்பத்துக்குள் மாறினாலோ வாரிசுக்குப் போனாலோ பிரீமியமே கிடையாது. இதற்கு மேல் நன்கொடை என்றோ வேறு நிதி என்றோ எந்தப் பெயரிலும் விற்பவரிடமோ வாங்குபவரிடமோ வசூலிக்கக் கூடாது என்று மாதிரித் துணைவிதியும் சொல்கிறது. வீனஸ் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் இந்த உச்சவரம்பை நிலைநிறுத்தியிருக்கிறது.

பொதுக்குழுத் தீர்மானம் என்பதைக் கேட்டதும் பலர் அடங்கிவிடுகிறார்கள். எத்தனை பேர் கைதூக்கினாலும் பொதுக்குழு அரசு ஆணைக்கு மேற்பட்டது இல்லை. சொசைட்டிக்குப் பணம் தேவைப்பட்டால், லிஃப்ட்டுக்கும் மொட்டைமாடிக்கும் எல்லா உறுப்பினர்களிடமும் பங்கிட்டு வசூலிக்க வழி இருக்கிறது. வாசலில் நிற்கும் புது ஆளிடம் மட்டும் கறப்பதற்குத்தான் தடை. ஓர் எச்சரிக்கை: இந்த வரம்பு குடியிருப்புச் சங்கங்களுக்கானது. கடைகளும் அலுவலகங்களும் மட்டுமே உள்ள வணிக வளாகச் சங்கங்களுக்கு அந்தச் சுற்றறிக்கை பொருந்தாது என்று 2018-இல் வெங்கடேஷ் பிரிமிசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆபீஸ் இடம் வாங்குபவர் 25,000 ரூபாய்க் கணக்கோடு போனால் ஏமாற்றம்தான்.

பிரீமியத்தை யார் கொடுப்பது, விற்பவரா வாங்குபவரா? இதை ஒப்பந்தத்திலேயே ஒரு வரியில் எழுதிவிடுவது வழக்கம். நம் தம்பதியின் ஒப்பந்தத்தில் ஆளுக்குப் பாதி. அவர்கள் செய்தது இவ்வளவுதான்: 25,600 ரூபாய்க்குச் சங்கத்தின் பெயரில் காசோலை, கூடவே ஒரு கடிதம். கடிதத்தில் 500, 100, 25,000 என்று தொகையைப் பிரித்து எழுதி, சுற்றறிக்கையின் தேதியைக் குறிப்பிட்டு, ‘இதற்கு மேல் தொகை ஏதும் செலுத்த வேண்டியிருப்பின் எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் தெரிவிக்கவும்’ என்று ஒரு வாக்கியம். கடிதத்தின் நகலிலும் முத்திரை. எழுத்தில் கேட்பதற்கு எந்தச் செக்ரட்டரியும் எளிதில் எழுத்தில் பதில் தர மாட்டார். இரண்டு லட்சம் கேட்டு லெட்டர்ஹெட்டில் எழுதினால் அது துணைப் பதிவாளரிடம் காட்டத் தோதான சாட்சியமாகிவிடும் என்பது அவருக்கும் தெரியும்.

எல்லாக் கமிட்டியும் கெட்டது என்று நினைத்துவிடக் கூடாது. சம்பளமில்லாமல், வேலைக்குப் போய்வந்து, மற்றவர்களின் வசைகளைக் கேட்டுக்கொண்டு ஒரு கட்டடத்தை நடத்துகிறவர்கள் அவர்கள். அவர்கள் நிறுத்திவைப்பதற்கு நியாயமான காரணங்களும் இருக்கின்றன. முக்கியமானது நிலுவை. பழைய உரிமையாளர் பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருந்தால், அது தீரும்வரை பங்கு மாற்றம் செல்லாது என்று 2019 அத்தியாயமே சொல்கிறது. மாதிரித் துணைவிதிப்படி நிலுவைக்கு ஆண்டுக்கு 21 சதவீதம் வரை வட்டி போடலாம். மூன்று வருடப் பாக்கி என்றால் தொகை கண்ணைக் கரிக்கும். விற்பவரிடம் கொடுக்கும் கடைசித் தவணையில் ஒரு பகுதியை ‘நிலுவையில்லை’ என்ற சொசைட்டிக் கடிதம் வரும்வரை நிறுத்திவைப்பது வக்கீல்கள் சொல்லும் எளிய உபாயம். ஒப்பந்தம் சரியாகப் பதிவாகவில்லை, வாரிசுகள் யாரோ ஆட்சேபித்திருக்கிறார்கள், நீதிமன்றத் தடை இருக்கிறது என்பவையும் பொருட்படுத்த வேண்டிய காரணங்கள்.

வாங்குபவரின் சாதி, மொழி, மீன் சமைப்பாரா, நாய் வளர்ப்பாரா, கல்யாணமானவரா என்பவை அந்தப் பட்டியலில் சேராது. போதிய காரணமில்லாமல் உறுப்பினர் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 23-ஆம் பிரிவு சொல்கிறது. காரணம் போதாது என்று தோன்றினால் மறுப்புக் கடிதத்தோடு உடனடியாகப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். கூடியமட்டும் 3 மாதத்துக்குள் அதை முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா போவதும் உண்டு என்பதால், சண்டை பிடிக்கும் முன் கோப்பில் நம் பக்கம் ஓட்டை இல்லையா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஆகஸ்ட் முழுதும் பதில் இல்லை. செப்டம்பர் முதல் வாரத்தில் அவர்கள் ஒரு பக்கக் கடிதம் கொடுத்தார்கள். ஜூன் 16 முத்திரையின் நகலை இணைத்து, செப்டம்பர் 16-ஆம் தேதியோடு மூன்று மாதம் நிறைவதையும், அதற்குப் பின் 22-ஆம் பிரிவின்படி பதிவாளரிடம் உறுதி கேட்டுப் போவதாகவும் எழுதியிருந்தார்கள். கோபமான ஒரு சொல்கூட அதில் இல்லை. கெடு முடிந்து ‘கருதப்படும்’ உறுப்பினரானாலும், சொசைட்டி தகராறு செய்தால் அதைத் தீர்த்துச் சொல்ல வேண்டியவர் பதிவாளர்தான். இரு தரப்பையும் கேட்டு அவர் முடிவு சொல்வார். அவருடைய உத்தரவு வராமல் சான்றிதழின் பின்பக்கத்தில் தானாக ஒரு வரி முளைத்துவிடாது. அந்த அலைச்சல் இரு தரப்புக்குமே வேண்டாத ஒன்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கமிட்டிக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது. மேனேஜர் அலமாரியிலிருந்து இரண்டு பதிவேடுகளை எடுத்தார். ‘ஐ’ படிவப் பதிவேட்டில் உறுப்பினரின் முழு விவரமும் புதுப் பக்கத்தில் ஏறியது. ‘ஜே’ படிவம் உறுப்பினர் பெயர்ப் பட்டியல். தேர்தலுக்கும் ஓட்டுக்கும் அதைத்தான் பார்ப்பார்கள். அதில் பழைய பெயரை அடித்து, புதுப் பெயர் எழுதப்பட்டது. இந்த இரண்டையும் நேரில் பார்த்துவிட்டு வருவது உத்தமம். சான்றிதழில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பதிவேட்டை மறந்துபோன சொசைட்டிகள் உண்டு. தேர்தல் நாளில் பட்டியலில் பெயர் இல்லாதபோதுதான் அது தெரியவரும்.

கடைசியாகச் சான்றிதழ் எண் 13. பின்பக்க அட்டவணையில் நான்காவது வரி. தேதி, மாற்ற எண், மனைவியின் பெயர், அதன் கீழே கணவரின் பெயர், பதிவேட்டுப் பக்க எண். தலைவரும் செக்ரட்டரியும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மூன்றாவது கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டிய கமிட்டி உறுப்பினர் நாசிக் போயிருந்தார். அவர் வரும்வரை நான்கு நாள் காத்திருந்து, மூன்று கையெழுத்தும் முத்திரையும் விழுந்தபின் இரு பக்கத்தையும் வண்ண நகல் எடுத்து வைத்துக்கொண்டு, மூலத்தைக் கடன் கொடுத்த வங்கிக் கிளையில் ஒப்படைத்தார்கள். அங்கேயும் அந்த அம்மா இரண்டாம் நகலை நீட்டி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை கேட்டார்.